அந்தப் பாட்டு மாதிரி... எந்த மாதிரி?

மூன்று பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவது ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’. 1977இல் வந்த ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா இசையமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடியது. அடுத்து ‘அழகான ராட்சசியே’. 1999இல் ‘முதல்வன்’ படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட மெட்டு. மூன்றாவது ‘கண்கள் இரண்டால்’. 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ படத்துக்காக ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்தது. ஒன்றில் நிதானமான சாஸ்திரிய மணம். இன்னொன்றில் நாட்டுப்புறச் சாயலும் துள்ளலும். மற்றொன்றில் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் இளங்காதல். மூன்றும் ஒரே ராகம்: ரீதிகௌளை.

இப்போது ஒருவர் இசையமைப்பாளரிடம் வந்து, “சின்னக் கண்ணன் மாதிரி ஒரு பாட்டு வேணும் சார்” என்கிறார். இசையமைப்பாளர் ராகத்தைப் பிடித்துக்கொண்டு ‘கண்கள் இரண்டால்’ போல ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், கேட்டவர் ஏமாந்துபோவார். அவர் கேட்டது ராகமாகவே இருந்திருக்காது. அந்தக் குரலாக இருந்திருக்கலாம். நடையாக, குழலாக, கண்ணன் அழைக்கிறான் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம். சின்ன வயதில் வானொலியில் அதைக் கேட்ட சாயங்காலமாகக்கூட இருக்கலாம்.

சினிமா, விளம்பரம், குறும்படம், கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டுவிழா, தேர்தல் பிரச்சாரம் என்று பாட்டு கேட்டு வரும் இடங்களில் எல்லாம் இந்த வேண்டுகோள் உண்டு. இசைக்காரர்கள் இதை ‘ரெஃபரன்ஸ்’ என்பார்கள். ரெஃபரன்ஸ் கொடுப்பதில் தப்பே இல்லை. இசையின் கலைச்சொற்கள் தெரியாத ஒருவர் தன் மனதில் இருப்பதைக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லும்போது அதற்குள் இருக்கும் பத்துக் குணங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். நமக்கு வேண்டியது அவற்றில் ஒன்றோ இரண்டோதான். அது எது என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுப் பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பாட்டைப் பிரித்துப் பார்ப்பது

ரீதிகௌளை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். பல ராகங்களில் சுரங்கள் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். ரீதிகௌளை அப்படி அல்ல. ஸ, க, ரி, க, ம என்று முன்னே போய்ப் பின்னே வந்து ஏறும். பிறகு நி, த, ம, நி, நி, ஸ என்று இன்னொரு முறை வளையும். பஞ்சமம் ஏறும்போது வராது. இறங்கும்போது மட்டும் ம, ப, ம என்று தொட்டுவிட்டுப் போகும். இப்படி வளைந்து போகும் ராகங்களை வக்ர ராகம் என்பார்கள். இந்த வளைவுகளால்தான் நாலைந்து சுரங்களிலேயே ரீதிகௌளையின் முகம் தெரிந்துவிடுகிறது. ராகத்தின் பெயர் தெரியாதவர்கூட “இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே” என்பார்.

ஆனால் ராகம் மெட்டின் இயல்பை மட்டுமே தீர்மானிக்கிறது. அந்த மெட்டு எவ்வளவு வேகத்தில் போகிறது, அடியில் எந்தத் தாளவாத்தியம் எப்படித் தட்டுகிறது, யார் குரல், குரலுக்குப் பின்னால் எத்தனை வாத்தியங்கள், குரல் காதருகே கேட்கிறதா கோயில் மண்டபத்தில் ஒலிப்பதுபோல் கேட்கிறதா என்பவை எல்லாம் ராகத்துக்கு வெளியே இருப்பவை. முதலில் சொன்ன மூன்று பாட்டுகளும் மூன்று உலகங்களாக இருப்பதற்குக் காரணம் இவைதான்.

இவற்றுக்கும் அப்பால் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, படத்தில் அந்தப் பாட்டு செய்த வேலை. ‘சுப்ரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டு மதுரையில் நடக்கும் கதை. ‘கண்கள் இரண்டால்’ அந்தக் காலத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. பேச வாய்ப்பில்லாத இருவருக்காக அதுவே பேசுகிறது. இந்த வேலை இல்லாத காட்சியில் அதே போன்ற மெட்டைப் போட்டால் அது வெறும் இனிமையாக நின்றுவிடும். மற்றொன்று, கேட்பவரின் சொந்த நினைவு. கல்லூரிப் பேருந்தில் கேட்டது, முதல் காதல், இறந்துபோன அப்பா முணுமுணுத்தது. இதை எந்த இசையமைப்பாளராலும் புதிய பாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கேட்பவருக்குப் பிடித்தது பாட்டா, அதோடு ஒட்டியிருக்கும் நினைவா என்று தெரிந்துகொள்ளாமல் வேலை தொடங்கினால், பத்து மெட்டு போட்டாலும் பதினோராவது மெட்டு கேட்பார்.

ஒரு குறும்படம், ஒரு ரெஃபரன்ஸ்

இந்தப் பிரிக்கும் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். ஓர் இளம் இயக்குநர் குறும்படம் எடுத்திருக்கிறார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பேரனைப் பேருந்து ஏற்றிவிட்டு, தாத்தா தனியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்புகிறார். கடைசி இரண்டு நிமிடம் வசனமே கிடையாது. அங்கே ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்று அவர் வருகிறார்.

“எந்த இடம் தம்பி உனக்குப் பிடிச்சிருக்கு?” என்று கேட்கிறார் இசையமைப்பாளர்.

“மொத்தப் பாட்டும்தான் சார்.”

“சரி. போன்ல போடு. உனக்கு உள்ளுக்குள்ள ஏதோ பண்ற இடம் வரும்போது நிறுத்து.”

இதுதான் முதல் கேள்வி, அதிகம் பயன் தரும் கேள்வியும்கூட. பாட்டு முழுவதும் பிடிக்கும் என்று சொல்பவர்கூட நிறுத்தச் சொன்னால் ஒரு குறிப்பிட்ட நொடியில்தான் நிறுத்துவார். நம் இயக்குநர் பாலமுரளியின் குரல் நுழையும் இடத்தில் நிறுத்துகிறார். மறுபடி போடச் சொன்னாலும் அங்கேயே நிறுத்துகிறார். இடையிசையில் அவர் விரல் அசையவே இல்லை.

இப்போது குரலா, மெட்டா என்று பார்க்க வேண்டும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் அதே மெட்டைக் குரல் இல்லாமல் வாசிக்கிறார். இயக்குநர் தலையாட்டுகிறார், ஆனால் முகத்தில் மாற்றம் இல்லை. அடுத்து வேறொரு மெட்டை, வேறொரு ராகத்தில், தம்பூரா ஒலி மட்டும் பின்னால் இருக்க, தாழ்ந்த குரலில் தத்தகாரமாகப் பாடிக் காட்டுகிறார். இயக்குநர் நிமிர்ந்து உட்கார்கிறார். “இது அந்தப் பாட்டே இல்ல சார். ஆனா எனக்கு வேணுங்கறது இதுல இருக்கு.” ராகம் தேவையில்லை என்பது இந்த இடத்தில் முடிவாகிவிட்டது.

வேகத்தையும் இப்படித் தனியாகச் சோதிக்கலாம். யூடியூபில் பாட்டை ஓட்டும் வேகத்தைக் குறைத்து 0.75 என்று வைத்தால் சுருதி மாறாமல் நடை மட்டும் மெதுவாகும். 1.25 என்று வைத்தால் நடை கூடும். வேகத்தை மாற்றியதும் “ஐயோ, இது வேண்டாம்” என்று கேட்பவர் சொன்னால், அவருக்கு வேண்டிய குணங்களில் வேகமும் ஒன்று. மாறியதைக் கவனிக்கவே இல்லை என்றால், அது அவருக்கு முக்கியம் அல்ல. நம் இயக்குநருக்கு வேகம் கூடியதும் பிடிக்கவில்லை. தாத்தாவின் நடைக்கு அது ஒத்துவரவில்லை.

“பொம்பளைக் குரல் பாடினா?” என்கிறார் இசையமைப்பாளர்.

கொஞ்சம் யோசித்து, “பாடலாம் சார். ஆனா வயசான குரலா இருக்கணும். கூப்பிடற மாதிரி இருக்கணும்.”

கூப்பிடுவது என்ற சொல் இப்போதுதான் முதல்முறையாக வெளியே வருகிறது. அவர் தேடியது அதைத்தான். இங்கே இசையமைப்பாளர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டில் அழைப்பவன் கண்ணன். அழைப்பு ராதையைப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை பாட்டு முழுவதும் இருக்கிறது. இந்தக் காட்சியில் கூப்பிடுவது தாத்தாவின் மனசு. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. குணம் ஒன்றுதான் என்றாலும் அதன் முடிவு வேறு. அதனால் புதிய மெட்டு ஒவ்வொரு முறையும் ஸட்ஜத்தில் வந்து நிறைவாக உட்காரக் கூடாது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல வேறொரு சுரத்தில் நிற்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, பெரும்பாலோர் கேட்க மறப்பது. “எது வரவே கூடாது?”

“குழல் வேண்டாம் சார். குழல் வந்தா எல்லாரும் அந்தப் படத்தையே நினைப்பாங்க.”

இதே காரணத்துக்காக இசையமைப்பாளர் ரீதிகௌளையையும் விலக்கிவிடுகிறார். அந்த வளைவுகள் கேட்பவர் மனதில் ஏற்கெனவே மூன்று காதல் பாட்டுகளை எழுப்பும். தாத்தா அங்கே காணாமல் போய்விடுவார். பார்க்கப்போனால், ரெஃபரன்ஸில் எல்லோர் கண்ணிலும் முதலில் படும் குணங்களான ராகமும் குழலும்தான் இந்தப் படத்துக்கு வேண்டாதவை. வேண்டியவை நிதானமான நடை, முதிர்ந்த ஒற்றைக் குரல், குறைந்த வாத்தியங்கள், கூப்பிடும் பாவம் ஆகிய நான்குதான். இந்த நான்கையும் வைத்துப் போடும் பாட்டைச் ‘சின்னக் கண்ணன்’ பாட்டின் நகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டவரோ, “நான் கேட்டது இதுதான்” என்பார்.

இவ்வளவு பேச நேரம் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. இருபது நொடிக்கு ஒன்றாக மூன்று சிறு மாதிரிகளைப் போட்டுக் காட்டலாம். ஒன்றில் ராகம் மட்டும் ரெஃபரன்ஸோடு ஒத்திருக்கட்டும். இன்னொன்றில் நடை மட்டும். மூன்றாவதில் குரலின் தன்மை மட்டும். எது பக்கத்தில் வருகிறது என்று கேட்டவர் கை காட்டுவார். அதோடு இன்னும் இரண்டு ரெஃபரன்ஸ் பாட்டுகளும் கேட்டு வாங்குவது நல்லது. மூன்று பாட்டுகளும் மூன்று ராகமாக இருந்து, மூன்றிலும் தாளம் மெலிதாகவும் குரல் தனியாகவும் இருந்தால், சொல்லத் தெரியாத விருப்பம் தானே தெரிந்துவிடும்.

சினிமாவிலும் இதே கேள்வி

“த்ரிஷ்யம் மாதிரி ஒரு கதை” என்று தயாரிப்பாளர் கேட்பதும் இதே வகைதான். ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் எடுத்த அந்தப் படத்தை அவரே 2015இல் ‘பாபநாசம்’ என்று தமிழில் எடுத்தார். முறைப்படி எடுத்த மறுஆக்கம் அது. கேரளத்து ஊர் போய் நெல்லைச் சீமை வந்தது. பேச்சு நெல்லைத் தமிழானது. நாயகன் மோகன்லாலுக்குப் பதில் கமல்ஹாசன் ஆனார். இவ்வளவு மாறியும் அது அதே படமாகவே இருந்தது. ஆகவே அந்தப் படத்தின் உயிர் ஊரிலோ பேச்சிலோ இல்லை. நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியாது, குடும்பத்தைக் காக்க ஒரு சாதாரண மனிதன் கட்டும் பொய் எப்போது உடையும் என்ற பதைப்பில் அது இருக்கிறது.

அதனால் “த்ரிஷ்யம் மாதிரி” என்று கேட்பவரிடம், அந்தப் பதைப்பா, அப்பா மகள் பாசமா, படித்தவரை ஏமாற்றும் படிக்காதவரின் சாமர்த்தியமா என்று கேட்க வேண்டும். பாசம்தான் வேண்டும் என்பவருக்குக் கொலையும் போலீஸும் உள்ள கதையை எழுதிக் கொடுத்தால் அவர் இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பழகிப்போன காது

படத்தொகுப்பின்போது புதிய இசை இன்னும் வராததால், ஏற்கெனவே உள்ள ஒரு பாட்டையோ பின்னணி இசையையோ தற்காலிகமாக வைத்து வெட்டுவார்கள். இதற்கு ‘டெம்ப் ட்ராக்’ என்று பெயர். வசதியான வழிதான். ஆனால் வாரக்கணக்கில் அதே காட்சியை அதே இசையோடு பார்த்துப் பார்த்து, இயக்குநரின் காது அதற்குப் பழகிவிடும். பிறகு எந்தப் புதிய இசை வந்தாலும் அது அந்நியமாகத்தான் ஒலிக்கும்.

இதன் உச்சத்தை ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் பார்க்கலாம். 1968இல் வெளிவந்த படம் அது. குப்ரிக்கின் ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்துக்கு முன்பு இசையமைத்த அலெக்ஸ் நார்த்தையே இதற்கும் அழைத்தார்கள். படத்தொகுப்பில் குப்ரிக் வைத்திருந்ததோ ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் இசை. நார்த் இசை எழுதி, ஒலிப்பதிவும் நடந்தது. ஆனால் குப்ரிக் தற்காலிகமாக வைத்த இசையையே படத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டார். தன் இசை ஒரு நொடிகூட இல்லை என்பது படம் திரையிடப்பட்டபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. அவர் எழுதியது 1993இல்தான், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய வாத்தியக்குழுவின் இசைத்தட்டாக உலகத்தின் காதுக்கு வந்தது. படம் காவியமாக நின்றது உண்மை. ஆனாலும் அந்த இசையே வேண்டும் என்று முடிவு செய்தவர், அது மாதிரி ஒன்றை இன்னொருவரை எழுதச் சொன்னது நியாயம் இல்லை.

டெம்ப் ட்ராக் இன்னொரு வகையிலும் சிக்க வைக்கும். படத்தொகுப்பாளர் அறியாமலே அதன் தாளத்துக்கு ஏற்பக் காட்சியை வெட்டியிருப்பார். அந்த இசை நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தட்டுக்கு ஏறத்தாழ 6.7 நொடி ஆகும். புதிய மெட்டு நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் அதே பத்துத் தட்டு 6 நொடியில் முடிந்துவிடும். தாத்தா திரும்பிப் பார்க்கும் வெட்டு தாளத்தின் மேல் விழாமல் தாண்டிப்போய் விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். இயக்குநர் “மெட்டு சரியில்லை” என்பார். உண்மையில் கோளாறு வேகத்தில்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. டெம்ப் ட்ராக்கோடு சேர்த்துக் கையால் தட்டி, 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் அதன் வேகம் கிடைத்துவிடும். புதிய இசையை அந்த வேகத்தில் போடலாம், அல்லது புதிய இசைக்கு ஏற்பக் காட்சியை மறுபடி வெட்டலாம். இரண்டில் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒரே பாட்டை எல்லாக் காட்சிக்கும் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பதும், இசை இல்லாமலே காட்சியை ஒருமுறை இசையமைப்பாளருக்குப் போட்டுக் காட்டுவதும் காதைக் காப்பாற்றும்.

எல்லை எங்கே இருக்கிறது

எந்தக் குணத்தை எடுத்துக்கொள்கிறோம் என்ற கேள்வி நீதிமன்றத்திலும் வந்து நிற்கும். 2013இல் ராபின் திக், ஃபாரெல் வில்லியம்ஸ் இருவரும் ‘பிளர்ட் லைன்ஸ்’ என்ற பாட்டை வெளியிட்டார்கள். மார்வின் கே 1977இல் பாடி வெளியிட்ட ‘காட் டு கிவ் இட் அப்’ பாட்டைச் சொல்லி, அந்தத் தாளநடையில் ஒன்று செய்யலாம் என்று ஃபாரெலிடம் தான் கேட்டதாக ராபின் திக் பத்திரிகைப் பேட்டியில் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தார். மார்வின் கேயின் குடும்பத்தோடு வழக்கு மூண்டது. 2015இல் அமெரிக்க நடுவர் குழு, காப்புரிமை மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெருமளவில் உறுதி செய்தது. இழப்பீடு ஐம்பது லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த அமர்வில் ஒரு நீதிபதி மட்டும், இப்படித் தீர்ப்புச் சொன்னால் ஒரு பாணியையே ஒருவருக்குச் சொந்தமாக்கிவிடுவோம் என்று மாறுபட்டார். இசை உலகில் அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

நியூசிலாந்தில் நடந்தது நம் தேர்தல் பாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2014 தேர்தலில் அங்குள்ள நேஷனல் கட்சி, விளம்பரத்துக்கான இசைகளை விற்கும் சேமிப்பகத்திலிருந்து முறைப்படி பணம் கொடுத்து ஓர் இசையை வாங்கிப் பயன்படுத்தியது. அதன் பெயரே ‘எமினெம் எஸ்க்’, அதாவது எமினெம் பாணியில் அமைந்தது. பாடகர் எமினெமின் ‘லூஸ் யுவர்செல்ஃப்’ பாட்டை அது அப்படியே நினைவூட்டியது. பாட்டு வரிகளை யாரும் தொடவில்லை. இருந்தும் அந்தப் பாட்டின் சாரம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆறு லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தொகை 2,25,000 டாலராகக் குறைந்தது. மீறல் நடந்தது என்பது மாறவில்லை.

குரலும் தப்பவில்லை. ஃபோர்டு கார் விளம்பரத்துக்குப் பாட மறுத்தார் பெட் மிட்லர். விளம்பர நிறுவனம் அவருக்குப் பின்பாட்டுப் பாடிய ஒருவரைக் கூப்பிட்டு, முடிந்தவரை மிட்லர் போலவே பாடச் சொன்னது. பாட்டுக்கான உரிமையை அவர்கள் வாங்கித்தான் இருந்தார்கள். ஆனாலும் பாடகருக்கு அடையாளமாக இருக்கும் குரலை வியாபாரத்துக்காகப் போலச் செய்வது தவறு என்று 1988இல் நீதிமன்றம் சொன்னது. பிறகு அவருக்கு நான்கு லட்சம் டாலர் கிடைத்தது.

இந்தியாவில் 1978ஆம் ஆண்டு ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு இன்றும் வழிகாட்டுகிறது. ஒரு நாடகத்தை ஒட்டித் திரைப்படம் எடுத்ததாக வந்த வழக்கு அது. கருத்து எல்லோருக்கும் பொது, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதம்தான் அவருக்குச் சொந்தம் என்றது நீதிமன்றம். இசைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ரீதிகௌளை எல்லோருக்கும் பொது. அதில் ஒருவர் கட்டிய குறிப்பிட்ட மெட்டு அவருடையது. நிதானமான நடையும் வயதான குரலும் தனிமையும் பொது. ஒரு பாட்டின் மெட்டு, தொடக்க இசை, வாத்திய அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் மட்டும் மாற்றுவதுதான் ஆபத்து.

ரொம்பப் பக்கத்தில் போய்விட்டோமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ரெஃபரன்ஸ் எது என்று தெரியாத நாலைந்து பேருக்குப் புதிய பாட்டைப் போட்டுக் காட்டி, இது எதை நினைவுபடுத்துகிறது என்று கேளுங்கள். எல்லோரும் உடனே ஒரே பாட்டின் பெயரைச் சொன்னால் மெட்டை மாற்ற வேண்டும். ஆளுக்கொரு பாட்டைச் சொன்னாலோ, பாட்டைச் சொல்லாமல் தாத்தா, ஊர், பிரிவு என்று சொன்னாலோ, வேண்டிய குணம் மட்டும் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. போட்டுக் காட்டும் ஒவ்வொரு மெட்டுக்கும், “நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்ல” என்ற பதிலே வந்தால் மெட்டில் குறை இல்லை. தவறான குணத்தைப் பொருத்திக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த மெட்டு போடாதீர்கள். ரெஃபரன்ஸை மறுபடி ஓடவிட்டு, எந்த நொடி என்ற முதல் கேள்விக்குத் திரும்புங்கள்.

கேட்கும் முன் எழுதிப் பாருங்கள்

மகள் கல்யாண வீடியோவுக்கோ, பள்ளி விழாவுக்கோ, கடை விளம்பரத்துக்கோ பாட்டு கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள். பிடித்த பாட்டின் பெயர், அதில் உங்களைத் தொடும் நொடி. அங்கே பிடித்தது குரலா, மெட்டா, நடையா, வாத்தியமா, வரியின் பொருளா. புதிய பாட்டு எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்கும், அங்கே என்ன செய்ய வேண்டும். கடைசியாக, எது வரவே கூடாது. இசைச் சொற்கள் ஒன்றும் வேண்டாம். “பாட்டி கூப்பிடற மாதிரி”, “ஓடாம நடக்கற மாதிரி” என்று எழுதினாலே போதும். நல்ல இசையமைப்பாளருக்கு அது புரியும்.

எழுதிப் பார்க்கும்போது, வேண்டியது அந்தப் பாட்டேதான், அதில் ஒரு குணத்தைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்று தெரிந்தால், அது மாதிரி ஒன்றைக் கேட்காதீர்கள். உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கி அந்தப் பாட்டையே போடுங்கள். இசையமைப்பாளரிடம் போனால், அந்தப் பாட்டில் எதை விட்டுவிடலாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, மீதியை அவர் கையில் விடுங்கள்.